மாலை ஆறு முதல் ஒன்பது வரை: ஒரு பட்ஜெட் ஜிம் தன் ஆட்களைத் தேர்ந்த கதை

கோவை சத்தி சாலையில், சரவணம்பட்டிப் பக்கம், ஒரு முதல் மாடி. 3,000 சதுர அடி. கீழே ஒரு பேக்கரியும் ஒரு மருந்துக் கடையும். அந்த மாடியில் மாதம் 799 ரூபாய்க்கு ஒரு ஜிம் போடப்போவதாக என் சித்தப்பா மகன் வந்து நின்றான். வங்கிக்குக் கொடுக்கத் திட்ட அறிக்கை எழுதித் தர வேண்டும் என்பதுதான் அவன் கேட்டது. சிறு தொழில்களுக்குக் கணக்கும் சந்தை ஆய்வும் செய்து தருவது என் பிழைப்பு. அந்த அறிக்கை எழுதியதிலிருந்து ஜிம் ஒன்பது மாதம் ஓடியது வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். அவன் தொழிலை அவன் நடத்த வேண்டும் என்பதால் எண்களைக் கொஞ்சம் உருட்டிச் சமமாக்கியிருக்கிறேன். விகிதங்கள் மாறவில்லை.

முதல் அறிக்கையில் இருந்த கோளாறு

அவன் கொண்டுவந்த தாளில் 'இலக்கு வாடிக்கையாளர்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: 18 முதல் 35 வயது, நடுத்தர வருமானம், ஆண் பெண் இருபாலரும், 3 கிலோமீட்டர் சுற்றளவு. வங்கிக்காரர் இதைப் பார்த்தால் தலையாட்டுவார். ஆனால் இதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. டம்பெல் எத்தனை கிலோ வரை வாங்குவது, ஏசி வேண்டுமா, பெண் டிரெய்னரை முழு நேரம் வைப்பதா என்று எதைக் கேட்டாலும் இந்த வரியில் பதில் இல்லை. சந்தைப் பிரிவு என்று ஒன்றைப் பிரித்தால், அதற்கும் பக்கத்துப் பிரிவுக்கும் நீங்கள் வேறு வேறாக ஏதாவது செய்யும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மக்கள்தொகைக் கணக்கு, அவ்வளவுதான்.

"யார் வந்தாலும் சேர்த்துக்கலாமே அண்ணா, விலைதான் கம்மியாச்சே" என்றான். பட்ஜெட் ஜிம் போடுகிற எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். விலை குறைந்தால் எல்லோரும் வாடிக்கையாளர் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். விலை குறையும்போதுதான் யாரை விடுவது என்பது முக்கியமாகிறது. ஏன் என்று கணக்கிலிருந்து சொல்கிறேன்.

மாதச் செலவு: வாடகை 75,000, மூன்று டிரெய்னர், பகுதி நேரப் பெண் டிரெய்னர், துப்புரவு எல்லாம் சேர்த்துச் சம்பளம் 74,000, கருவிகளுக்கு வாங்கும் கடனின் தவணை 56,000, மின்சாரம் 25,000, பழுது, விளம்பரம், சில்லறை 20,000. மொத்தம் இரண்டரை லட்சம். 799 ரூபாயில் ஜிஎஸ்டி போகக் கைக்கு வருவது 761. (ஜிம்முக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு இல்லை, அதாவது கருவி வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. கணக்கைப் புது விகிதத்திலேயே போட்டிருக்கிறேன்.) இரண்டரை லட்சத்தை 761-ஆல் வகுத்தால் 329. பணம் கட்டுகிற 329 பேர் ஒவ்வொரு மாதமும் இருந்தால்தான் கையைக் கடிக்காது.

329 பேர் 3,000 சதுர அடியில் எப்படி நிற்பார்கள்? கருவிகள் போட்ட பிறகு ஒரே நேரத்தில் 45 பேர் வரை ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் பயிற்சி செய்யலாம். அதற்கு மேல் போனால் பெஞ்சுக்குக் காத்திருப்பு, வியர்வை, முகம் சுளிப்பு. ஆக, இங்கே விற்கப்படும் சரக்கு மெம்பர்ஷிப் அட்டை இல்லை. மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அந்தத் தரையில் இருக்கும் இடம். மற்ற நேரத்தில் தரை காலியாகத்தான் கிடக்கிறது. காலையில் கொஞ்சம் கூட்டம், மதியம் ஈ ஓட்டலாம். மாலை மூன்று மணி நேரம்தான் அளவோடு கிடைக்கும் பொருள்.

இது புரிந்த பிறகு பிரிவுகளை வெட்டும் கோடு மாறியது. வயதையும் வருமானத்தையும் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொரு வகை ஆளும் எந்த நேரத்தில் வருவார், எத்தனை நாள் வருவார், எவ்வளவு நேரம் நிற்பார் என்று பார்க்க ஆரம்பித்தோம்.

தெருவில் எண்ணியது

இதற்குத் தரவு எங்கேயும் விற்காது. சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே ஓடும் நான்கு ஜிம்களின் வாசலில் ஆறு நாள் நின்றோம். எதிரே டீக்கடை இருந்தால் வசதி. மணிக்கு ஒருமுறை வண்டிகளை எண்ணுவது, உள்ளே போகிறவர் எத்தனை நிமிடம் கழித்து வெளியே வருகிறார் என்று முடிந்தவரை குறிப்பது. கல்லூரிப் பையன்களைப் பையிலிருந்தும், ஐடி ஆட்களைக் கழுத்தில் தொங்கும் அட்டையிலிருந்தும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். போட்டிக்குத் தயாராகிறவர்களைக் கண்டுபிடிக்க அட்டை தேவையில்லை.

அப்புறம் பேச்சு. இதில் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: "இங்கே ஜிம் வந்தால் சேர்வீர்களா?" என்று கேட்கக் கூடாது. எல்லோரும் சேர்வேன் என்றுதான் சொல்வார்கள். கேட்டது வேறு. கடைசியாக எந்த ஜிம்முக்கு, எவ்வளவு பணம் கட்டினீர்கள்? எத்தனை நாள் போனீர்கள்? எப்போது நிறுத்தினீர்கள், அந்த வாரம் என்ன நடந்தது? நடந்ததைக் கேட்டால் பொய் குறையும்.

கையில் வந்த ஐந்து பிரிவுகளும் அவற்றின் மாலைச் சுமையும்:

| பிரிவு | மாத வருகை, நேரம் | மாலை 6–9-ல் எடுக்கும் மணி (மாதம்) |
|---|---|---|
| போட்டிக்குத் தயாராகும் உடற்கட்டுக்காரர் | 24 முறை, 2 மணி நேரம் | 48 |
| கல்லூரி விடுதி மாணவர் | 18 முறை, ஒன்றரை மணி நேரம் | 27 |
| பிஜியில் தங்கும் ஐடி ஊழியர் | 9 முறை, 1 மணி நேரம் | 6 |
| அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள் | 14 முறை, காலை 10–12 | 0 |
| 45 வயது தாண்டியவர், சர்க்கரை, முட்டிவலி | 20 முறை, காலை 5.30–7.30 | 0 |

ஐடி ஊழியர் ஒன்பது முறை வந்தும் ஆறு மணி நேரம்தான் மாலையில் விழுகிறது. காரணம், ஷிஃப்ட். சிலர் ஒன்பதரைக்கு வருகிறார்கள், சிலர் காலையில் வேலை முடித்து வந்து போகிறார்கள், வீட்டிலிருந்து வேலை என்றால் மதியம் மூன்றுக்கு.

இப்போது மாலையில் நம்மிடம் இருப்பது எவ்வளவு? 45 பேர், 3 மணி நேரம், 26 நாள்: 3,510 ஆள்மணி. ஒவ்வொரு பிரிவை மட்டும் வைத்து இதை நிரப்பிப் பாருங்கள். உடற்கட்டுக்காரர்கள் மட்டும் என்றால் 73 பேரோடு தரை நிரம்பிவிடும். வருமானம் 55,000 சொச்சம், வாடகைக்கே போதாது. மாணவர்கள் மட்டும் என்றால் 130 பேர், ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐடி ஊழியர்கள் என்றால் 585 பேர், நாலரை லட்சத்தை நெருங்கும். எல்லோரும் ஏழரை மணிக்கே வந்து குவிவார்கள் என்று அதில் மூன்று பங்கில் ஒரு பங்கைக் கழித்தாலும் 390 பேர் தேறும். 329-ஐத் தாண்டுகிறது.

ஜிம் வாசலில் நின்று பார்ப்பவருக்கு மாணவர்கள்தான் பெரிய சந்தை. ஆர்வம் அவர்களுக்குத்தான், கூட்டமாக வருவதும் அவர்கள்தான். ஆனால் அவர்களை வைத்து 799 ரூபாய் ஜிம்மை நடத்த முடியாது. எவ்வளவு நன்றாக நடத்தினாலும், அரங்கம் நிறைந்த நஷ்டம்.

சல்லடைகள்

பாடப் புத்தகத்தில் ஒரு நல்ல பிரிவுக்கு ஐந்து தகுதி சொல்வார்கள்: அளக்க முடிய வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், எட்ட முடிய வேண்டும், மற்றதிலிருந்து வேறுபட வேண்டும், நம்மால் ஏதாவது செய்ய முடிய வேண்டும். தவறில்லை. ஆனால் இந்த ஐந்தும் பிரிவு ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்கின்றன. அதை நாம் எடுக்க வேண்டுமா என்று சொல்வதில்லை. அதற்காகச் செய்யும் வழக்கமான வேலை, ஒரு மதிப்பெண் பட்டியல். அளவுக்கு 30, வளர்ச்சிக்கு 20, போட்டிக்கு 20 என்று எடை போட்டு, கூட்டி, அதிக மதிப்பெண் வாங்கியதை எடுப்பது. எனக்கு இதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. கூட்டல் ஒரு கொலைகாரக் குறையை மறைத்துவிடும். மாணவர்கள் அளவிலும் ஆர்வத்திலும் எட்டுவதிலும் முழு மதிப்பெண் வாங்கி, மாலைச் சுமையில் பூஜ்யம் வாங்கினாலும் மொத்தத்தில் முதலிடம் வருவார்கள். அந்தப் பூஜ்யம் ஒன்றே கடையை மூடவைக்கும்.

அதனால் கூட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்தோம். முதல் சல்லடை மாலைச் சுமை, மேலே பார்த்தது. ஒரு ஆள் மாதம் எடுக்கும் மாலை மணி பத்துக்கு மேல் போனால் அந்தப் பிரிவு முழு விலையில் கூட முழு நேர மெம்பராக வேண்டாம். 3,510-ஐ 329-ஆல் வகுத்தால் வரும் எண் அது; அண்ணளவாக 10.7. இதில் உடற்கட்டுக்காரர்களும் மாணவர்களும் நின்றுவிட்டார்கள்.

இரண்டாவது, அந்த ஆளுக்கு இப்போது இருக்கும் மாற்று என்ன, அது என்ன விலை. 45 வயது தாண்டியவர்கள் இங்கேதான் தடுக்கினார்கள். அவர்களுடைய மாற்று, காலையில் தெருவில் இலவசமாக நடப்பது. மழைக்காலம் ஒன்றைத் தவிர அதை விட்டு வரக் காரணம் இல்லை. வந்தாலும் அத்தனை பேரும் டிரெட்மில்லைத்தான் கேட்பார்கள். நம்மிடம் நான்கு டிரெட்மில். ஆளுக்கு அரை மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் 16 பேர். தரை காலியாக இருந்தும் பதினேழாவது ஆள் நின்றுகொண்டிருப்பார். எந்தப் பிரிவு எந்தக் கருவியில் முட்டும் என்று தனியாகப் பார்க்காமல் ஆள்மணியை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பிரிவு தேறியிருக்கும். கூடவே டாக்டர் சீட்டு, ரத்த அழுத்தம், கவனிப்பு. 799 ரூபாயில் அதைச் சரியாகச் செய்ய முடியாது என்று விட்டோம்.

மூன்றாவது, அளவு. இதற்குத்தான் அதிகம் நடந்தோம். இரண்டு கிளைச் சாலைகளில் 64 பிஜி விடுதிகள். காவலாளியிடமும் சமையல்காரரிடமும் கேட்டால் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று சொல்லிவிடுவார்கள். உரிமையாளரிடம் கேட்டால் சொல்ல மாட்டார். சராசரி 28 பேர், ஆக 1,800 பேர். தனி வீடுகளில் நண்பர்களாகத் தங்கியிருப்பவர்கள் 700 என்று வைத்தோம். மொத்தம் 2,500.

இதில் 70 பேரிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் இந்த ஆய்வின் உபயோகமான விஷயம் கிடைத்தது. 70 பேரில் இப்போது ஜிம்முக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் 9 பேர்தான். முன்பு கட்டி, இப்போது நிறுத்தியவர்கள் 22 பேர். மீதி 39 பேர் வாசலையே மிதித்ததில்லை. அந்த 22 பேரை ஒரு பிரிவாக யாரும் நினைத்ததில்லை. எல்லா ஜிம்மும் போகிறவர்களைப் பிடிக்கப் போட்டி போடுகிறது. நிறுத்தியவர்கள் சொன்ன காரணங்கள் ஒரே மாதிரி இருந்தன. பெஞ்ச் கிடைப்பதில்லை. முதல் வாரம் சொல்லிக்கொடுத்தார்கள், அப்புறம் தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டினால்தான் திரும்பிப் பார்த்தார்கள். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு மூன்றாம் மாதம் ஆன்சைட் போக வேண்டிவந்தது. ஒரு பையன் சொன்னது குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "நான் அஞ்சு கிலோ தூக்கறப்ப பக்கத்துல இருந்தவரு கண்ணாடியில என்னையப் பாத்து சிரிச்சாருங்க. அவரு வேற எதுக்கோ சிரிச்சிருக்கலாம். ஆனா அடுத்த நாள் போகல."

நான்காவது சல்லடையை இந்தப் பையன்தான் கொடுத்தான் என்று சொல்ல வேண்டும்: இந்தப் பிரிவும் அந்தப் பிரிவும் ஒரே அறையில் நிற்குமா? ஹோட்டலில் பக்கத்து மேசைக்காரர் யார் என்பது பெரிதில்லை. ஜிம்மில் வாடிக்கையாளர்தான் சூழல். ஒரு பிரிவைச் சேர்த்தால் இன்னொன்று தானாகக் கழன்றுவிடும்.

அமெரிக்காவில் பிளானட் ஃபிட்னஸ் இதை வெளிப்படையாகச் செய்து வளர்ந்தது. 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டோவரில் தொடங்கியவர்கள், மாதம் பத்து டாலர் என்று விலை வைத்து, ஜிம் என்றாலே கூசுகிறவர்களைக் குறிவைத்தார்கள். எடையைத் தொம்மென்று போட்டாலோ உறுமினாலோ அலறும் ஒரு சைரனைச் சுவரில் மாட்டினார்கள். மாதத்தில் ஒருநாள் பீட்சா கொடுத்தார்கள். உடற்கட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியே மற்றவர்களுக்கு அழைப்பாகிவிட்டது. 2015-இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். அந்தப் பத்து டாலரை 2024-இல்தான் புது மெம்பர்களுக்குப் பதினைந்தாக்கினார்கள்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. அங்கே குறைந்த விலை ஜிம்கள், பணம் கட்டிவிட்டு வராதவர்களை நம்பித்தான் அவ்வளவு பேரைச் சேர்க்க முடிகிறது. விலை அதிகமான ஜிம்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே ஜிம்மில் பத்து டாலருக்கு ஒரு வருகை வாங்கியிருக்கலாம். அவர்கள் நிறுத்தாமல் கட்டக் காரணங்களில் ஒன்று, பணம் தானாகவே போய்க்கொண்டிருந்தது. நம் ஊரில் மாதாமாதம் கையால் ஜிபே செய்கிறவர்கள்தான் அதிகம். வராதவர் அடுத்த மாதம் கட்ட மாட்டார். அதனால் வராமல் இருப்பவர்களைக் குறிவைப்பது இங்கே ஒரு மாத வருமானம்தான். குறைவாக வருகிறவர், ஆனால் விடாமல் வருகிறவர்: அவர்தான் வேண்டும். ஐந்தாவது சல்லடை, நான்காவது மாதமும் கட்டுவாரா என்பது.

பெண்கள் பிரிவு எல்லாச் சல்லடையிலும் தேறியது. அளவில் மட்டும் சின்னது. மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து 60 முதல் 80 பேர் என்று மதிப்பிட்டோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற நேரத்தில் தரை காலி. பெண் டிரெய்னர் இரண்டு மணி நேரம் வந்தால் போதும். அந்த இரண்டு மணி நேரம் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்பதை மட்டும் ஒருநாளும் மீறக் கூடாது; ஒரே ஒரு நாள் "அவர் நம்ம ஆள்தான்" என்று யாரையாவது உள்ளே விட்டால் பிரிவே கலைந்துவிடும்.

குறிவைத்தது

முதல் இலக்கு: பிஜியில் தங்கும் ஐடி ஊழியர்களில், முன்பு ஜிம் போய் நிறுத்தியவர்கள். 2,500-இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட 780 பேர். நாலில் ஒருவர் வந்தால் 195. வாசலையே மிதிக்காதவர்கள் 1,400; அவர்களில் பதினைந்தில் ஒருவர் என்று 93. பெண்கள் 60. கூட்டினால் 348. தேவை 329. இவ்வளவு நெருக்கமாக இருக்கிறதே என்று அவனுக்குப் பயம். எனக்கும்தான். ஆனால் அந்த நெருக்கம் தெரிந்ததால்தான் ஏசியையும் ஆவிக்குளியல் அறையையும் திட்டத்திலிருந்து எடுத்தோம்.

இலக்கு தெரிந்ததும் வாங்கும் பட்டியல் தானாக எழுதப்பட்டது. டம்பெல் 25 கிலோவோடு நின்றது. கனமான எடையைத் தரையில் போடும் மேடை கிடையாது. அதை வாங்காமல் மிச்சமான பணத்தில் கேபிள் கருவி ஒன்று கூடுதலாகவும் பெஞ்ச் மூன்று கூடுதலாகவும் வந்தன. பெரிய கண்ணாடி ஒரு சுவரில் மட்டும். வருடப் பேக்கேஜ் கிடையாது. மாதாமாதம், வெளிநாடு போனால் நிறுத்திவைக்கலாம். புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் ஆறு வருகைக்கு டிரெய்னர் கட்டாயம் கூட இருக்க வேண்டும், தனிக் கட்டணம் இல்லை.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. 200 ரூபாய் முன்பணம், வேண்டாமென்றால் திருப்பித் தரப்படும். இரண்டு துண்டுப் பிரசுரம். ஒன்றில் வயிற்றில் கட்டம் கட்டமாகத் தெரியும் ஒருவர் படம், '90 நாளில் மாற்றம்'. இன்னொன்றில் படமே இல்லை: 'ஜிம்முக்குப் போய் நிறுத்திவிட்டீர்களா? ஏன் என்று எங்களுக்குத் தெரியும்' என்று மட்டும். இரண்டையும் ஒரே எண்ணிக்கையில், மாறி மாறி அதே தெருக்களில் கொடுத்தோம். படம் போட்டதற்கு 31 பேர் முன்பணம் கட்டினார்கள். அதில் 24 பேர் மாணவர்கள். படம் இல்லாததற்கு 44 பேர். அதில் 35 பேர் ஐடி. மொத்த எண்ணிக்கையைவிட இந்த இரண்டாவது விவரம்தான் முக்கியம். பிரசுரமே ஒரு சல்லடை. அந்த வயிற்றுப் படத்தை அச்சகத்துக்காரர் இலவசமாகக் கொடுத்தார். அதைப் போட்டிருந்தால் இலவசமாகவே தவறான ஆட்கள் வந்திருப்பார்கள்.

மூன்றாம் மாதம் நடந்தது

முதல் இரண்டு மாதம் ஏறிய எண்ணிக்கை 190-இல் நின்றது. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் வாடகைக்குக் கையைப் பிசைந்துகொண்டிருந்தவன், என்னிடம் சொல்லாமல், ஒரு கல்லூரி விடுதி மாணவர்களுக்கு மூன்று மாதம் 1,500 ரூபாய் என்று ஒரு சலுகை அறிவித்தான். ஒரே வாரத்தில் 90 பேர். மொத்தமாக ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் கையில் வந்தது. ராத்திரி போன் செய்து சொன்னபோது குரலில் அவ்வளவு சந்தோஷம். "உங்க கணக்குல வராத கூட்டம் அண்ணா!"

கணக்கில் வந்த கூட்டம்தான். 90 பேர், ஆளுக்கு 27 மணி: 2,430 ஆள்மணி. மாலையில் உள்ள 3,510-இல் பத்துக்கு ஏழு பங்கு போயிற்று.

யாரும் புகார் சொல்லவில்லை. இதுதான் இந்தத் தொழிலில் ஆபத்து. நிறுத்துகிறவர் சண்டை போடுவதில்லை, வராமல் போய்விடுவார். வாசலில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் விரல் வைக்கும் கருவி இருந்ததால் பிடிக்க முடிந்தது. முதலில் தெரிந்தது வருகைக் குறைவு அல்ல, தங்கும் நேரம். ஐடி மெம்பர்கள் மாலையில் சராசரி ஒரு மணி நேரம் நின்றவர்கள், இப்போது 35 நிமிடம். இருபது நிமிடத்துக்குள் வெளியேறியவர்கள் என்று தனியாக எடுத்துப் பார்த்தோம். முன்பு வாரத்துக்கு நாலைந்து பேர் இருந்த இடத்தில் முப்பதைத் தாண்டியது. வந்து, எட்டிப் பார்த்து, பெஞ்ச் கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள். அந்த மாதக் கடைசியில் கட்ட வேண்டிய 112 ஐடி மெம்பர்களில் 49 பேர்தான் கட்டினார்கள். முந்தைய மாதம் மூன்றில் இருவர் கட்டியிருந்தார்கள்.

மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. பணம் வாங்கியாயிற்று, மூன்று மாதம் அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த மூன்று மாதத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். காலம் முடிந்ததும் அவர்களுக்குக் கொடுத்தது வேறு சரக்கு: மதியம் ஒன்று முதல் ஐந்து வரை மட்டும், மாதம் 499. மூன்றில் ஒருவர் எடுத்துக்கொண்டார்கள், வகுப்பு சீக்கிரம் முடிகிற துறைக்காரர்கள். பிறகு அவர்களே சிநேகிதர்களைக் கூட்டிவந்தார்கள். மற்றவர்கள் பக்கத்து ஜிம்முக்குப் போனார்கள். அங்கே எடையும் அதிகம், சத்தமும் அதிகம், அவர்களுக்கு அதுதான் பொருத்தம். முதல் சல்லடையில் நின்ற பிரிவைக்கூட, நேரத்தை வேலி போட்டுப் பிரித்தால் உள்ளே எடுக்கலாம் என்று இதில்தான் தெரிந்தது. 499 ரூபாய் சலுகை விலை என்று பார்த்தால் தப்பு. காலியாகக் கிடக்கும் தரைக்கு அது முழு விலை.

போன ஐடி மெம்பர்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் முறை நிறுத்தியவர்கள் அவர்கள். 'ஜிம்முக்குப் போய் நிறுத்திவிட்டீர்களா' என்ற பிரசுரத்தை அவர்களிடமே எந்த முகத்தோடு கொடுப்பது? டிரெய்னர்களே ஒவ்வொருவருக்கும் போன் செய்து, மாலையில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நேரலையாக எண்ணிக்கையை வாட்ஸாப்பில் போட ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். ஏழு மணிக்கு 41, எட்டேகாலுக்கு 28 என்று பார்த்துவிட்டு எட்டேகாலுக்குக் கிளம்பி வருவார்கள். கூட்டம் தானாகப் பரவியது.

ஒன்பதாம் மாத முடிவில் கணக்கு: ஐடி 211, பெண்கள் 68, மதிய மாணவர்கள் 47, எந்தப் பிரிவிலும் சேராத அக்கம்பக்கத்தினர் 36. மொத்தம் 362. வருமானம் 2,62,000. செலவு போக 12,000 மிச்சம். அதில் அவனுடைய சம்பளம் இல்லை. காலை ஐந்து மணிக்குக் கதவு திறந்து இரவு பத்தரைக்கு மூடுகிறவனுக்கு மாதம் 12,000 என்பது லாபம் ஆகாது.

இப்போது மேசையில் இருக்கும் கேள்வி மாலை நேரத்துக்குத் தனி விலை. ஆறு முதல் ஒன்பது வரை வர வேண்டுமென்றால் 899, மற்ற நேரத்துக்கு 799 அப்படியே. ஐடி மெம்பர் 211 பேரும் 899-க்கு மாறினால் மாதம் 20,000 கூடும். எத்தனை பேர் விலகினால் அந்த லாபம் போகும் என்று போட்டுப் பார்த்தோம்: 23 பேர். இருபத்து நாலாவது ஆள் போனால் நஷ்டம். ஆனால் 799-இலேயே இருந்துகொண்டு ஒன்பதரைக்கு வருகிறேன் என்பவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவர்கள் விலகியவர்கள் இல்லை, மாலை இடத்தைக் காலி செய்து கொடுக்கிறவர்கள். விரல் பதிவில் கடந்த மூன்று மாதமாக ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையே மாதம் இரண்டு முறைக்குக் குறைவாக வந்தவர்களைப் பெயர் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறான். நேற்று ராத்திரி வரை 58 பேர்.